நாற்பத்தைந்து படகு, ஆறாயிரம் வரி

கடலூர் முதுநகரில் என் மச்சான் விசைப்படகுகளுக்கு ஐஸ் போடுகிறார். படகு கடலுக்குப் போகும்போது ஐஸ் கடன், திரும்பி வந்து மீன் விற்றதும் காசு. இந்தக் கணக்குக்காகப் போன வருடம் ஒரு சனி, ஞாயிறில் நோ-கோடு ஆப் ஒன்று செய்து கொடுத்தேன். கோடு ஒரு வரிகூட எழுதவில்லை. ஒரு கூகுள் ஷீட்டில் படகுகளின் பட்டியல், இன்னொன்றில் பதிவுகள்: எந்தப் படகு, என்ன தேதி, எவ்வளவு தொகை. காசு வந்தால் அதே இடத்தில் மைனஸில் ஒரு பதிவு. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் 15 அன்று படகுகள் கிளம்பியபோது ஆப்பும் கிளம்பியது.

அக்டோபரில் மச்சான் போன் செய்தார். “மாப்ள, ஆப்பைத் திறந்தா சுத்திக்கிட்டே இருக்கு. அதுக்குள்ள படகே கிளம்பிடுது.”

முதலில் நெட்வொர்க்கைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் வீட்டு வைஃபையிலும் அதே கதை. அப்புறம் படகுகளின் ஷீட்டில் நான் வைத்திருந்த “பாக்கி” கட்டத்தைப் பார்த்தேன். அதன் சூத்திரம் சொல்வது இதுதான்: எல்லாப் பதிவுகளையும் பார், இந்தப் படகினுடையதை மட்டும் கூட்டு. நான் பயன்படுத்திய சேவை அதை ஒவ்வொரு படகுக்கும் தனித்தனியாக, ஆப்பும் ஷீட்டும் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் ஒவ்வொரு சிங்க்கிலும் புதிதாகப் போடுகிறது.

ஒரு நாளைக்குச் சுமார் 60 பதிவு, பதிவுக்கு ஷீட்டில் ஒரு வரி. முதல் வாரத்தின் ஆறு நாளில் 360 வரி, 45 படகு. பெருக்கினால் 16,200 முறை வரியைப் பார்க்க வேண்டும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். நான்கு மாதத்தில் வரிகள் 6,000 ஆனபோது அதுவே 2,70,000. நான் சோதித்துப் பார்த்தது முதல் வார அளவை வைத்துத்தான். எந்தப் பிழைச்செய்தியும் வராமல், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் ஏறியிருக்கிறது.

கையால் கோடு எழுதினால் இதே கேள்வியை டேட்டாபேஸிடம் இப்படிக் கேட்கலாம்:

```sql
SELECT boat_id, SUM(amount)
FROM entries
GROUP BY boat_id;
```

டேட்டாபேஸ் 6,000 வரிகளையும் ஒரே தடவை கடந்து போகும். போகிற போக்கிலேயே ஒவ்வொரு வரியின் தொகையையும் அந்தந்தப் படகின் கணக்கில் சேர்த்துவிடும். 2,70,000 பார்வை 6,000 ஆகிறது. கணினியின் வேகம் இங்கே பெரிய விஷயமில்லை, கூட்டும் முறைதான் மாறியிருக்கிறது. அந்த முறையைத் தொடும் இடத்தை என் நோ-கோடு சேவை எனக்குத் தரவில்லை.

சரி, குறுக்குவழி ஒன்று உண்டே என்று பாக்கியை ஒரு சாதாரண எண்ணாகச் சேமித்து, பதிவு விழும்போதெல்லாம் அதைக் கூட்டும்படி ஆட்டோமேஷன் வைத்தேன். ஆப் பறந்தது. பத்து நாளில் ஒரு படகுக்காரர் கணக்கில் 600 ரூபாய் குறைந்திருந்தது. மச்சானும் அவர் தம்பியும் ஒரே நேரத்தில் ஒரே படகுக்குப் பதிவு போட்டிருக்கிறார்கள். இரண்டு பதிவுக்குமான கூட்டல் 4,000 என்ற பழைய பாக்கியிலிருந்தே தொடங்கியது. ஒன்று 600 சேர்த்து 4,600 என்று எழுதியது. இன்னொன்று 900 சேர்த்து அதன்மேல் 4,900 என்று எழுதியது. 5,500 வந்திருக்க வேண்டும். இந்தத் தவறைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பதிவுகளைத் தனியாகக் கூட்டிச் சேமித்த பாக்கியோடு ஒப்பிடுவது. டேட்டாபேஸில் `due = due + 900` என்று ஒரே கட்டளையாகக் கொடுத்தால், முதல் மாற்றம் முடியும்வரை இரண்டாவது காத்திருக்கும்.

அடுத்த ஏப்ரல் 15, மறுபடி தடைக்காலம். 61 நாளில் முழுவதையும் கையால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பாக்கிக் கணக்கு ஒரு மாலையில் முடிந்தது. மீதி நாள் முழுக்கத் தின்றது, நோ-கோடு எனக்குச் சொல்லாமலே செய்துகொண்டிருந்த வேலை: லாகின், பேக்கப், சிக்னல் இல்லாதபோது பதிவைப் போனில் வைத்திருந்து பிறகு அனுப்புவது. இந்தக் கடைசி வேலையில் நானும் சறுக்கினேன். போன் அனுப்பிய பதிவு சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது. “வந்துவிட்டது” என்ற பதில் வழியில் தொலைந்தது. போன் மறுபடி அனுப்ப, ஒரே ஐஸுக்கு இரண்டு முறை கடன். ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் ஒதுக்கிவிடும்படி செய்த பிறகே அது நின்றது.

இதற்கிடையில், நவம்பர் முதல் தடைக்காலம் வரை பழைய ஆப்பையே ஓட்டியது மச்சானின் அப்பா சொன்ன யோசனையால். ஆட்டோமேஷனைக் கழற்றிவிட்டு, மாதக் கடைசியில் பதிவுகளை எல்லாம் வேறொரு ஷீட்டுக்கு மாற்றினோம். ஒவ்வொரு படகுக்கும் “முன்பாக்கி” என்று ஒரே ஒரு வரி மட்டும் புது மாதத்தில் தொடங்கும். வரிகள் 1,600-ஐத் தாண்டவே இல்லை. அவர் நோட்டுப் போட்ட காலத்தில் பக்கம் முடிந்தால் அப்படித்தான் செய்வாராம்.