இரண்டு தெரு தள்ளித் தேடினாலும் கடை ஏன் தெரிவதில்லை?

திருச்சி தில்லைநகரில் ஒரு தையல் கடை என்று வைத்துக்கொள்வோம். பிளவுஸ், சுடிதார் தைத்துக் கொடுக்கிறார்கள், ஆரி வேலையும் உண்டு. நம்மூரில் இப்படிப்பட்ட கடைகள் பலவும் பெயர்ப்பலகையில் ‘பொட்டிக்’ என்று போட்டுக்கொள்கின்றன. அந்தப் பழக்கத்திலேயே கூகுள் மேப்பில் பதிவு செய்யும்போதும் கடை உரிமையாளர் Boutique என்ற வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அப்புறம் இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒருவர் ladies tailor near me என்று தேடுகிறார். வருவதோ ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் வேறு கடை.

பக்கத்துக் கடைகளை வரிசைப்படுத்த மூன்று விஷயங்களைப் பார்ப்பதாக கூகுளே சொல்கிறது: தேடலுக்கு எவ்வளவு பொருத்தம், எவ்வளவு தூரம், எவ்வளவு பிரபலம். பிரபலம் என்பதில் ரிவியூ, ரேட்டிங், மற்ற இணையதளங்களில் கடையைப் பற்றிய குறிப்பு எல்லாம் சேரும். அது மெல்லத்தான் வளரும். பொருத்தமும் தூரமும் பெரும்பாலும் பதிவு செய்யும்போது நிரப்பும் இரண்டு கட்டங்களைப் பொறுத்தவை. அவற்றை இன்றே சரிசெய்யலாம், செலவும் இல்லை.

முதலில் வகை. இதை நாமே எழுத முடியாது. கூகுள் வைத்திருக்கும் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒரு முதன்மை வகை, கூடவே ஒன்பது துணை வகைகள் வரை வைக்கலாம். முதன்மை வகைதான் ‘இது என்ன கடை’ என்ற கேள்விக்குக் கூகுள் எடுத்துக்கொள்ளும் முக்கியமான பதில். Boutique என்றால் அதன் கணக்கில் ரெடிமேட் துணி விற்கும் கடை. அதனால் துணி வாங்க வருபவருக்கு இந்தக் கடை காட்டப்படும், தைக்கக் கொடுக்க நினைப்பவருக்குத் தெரியாமல் போகும். இரண்டு பேருக்கும் நஷ்டம்.

இந்தக் கடைக்கு முதன்மை வகை Tailor. துணை வகையாக Clothing alteration service வைக்கலாம், ஆரி வேலைக்கு Embroidery service. அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஒன்பது இடம் இருக்கிறதே என்று Clothing store, Fabric store என்று நிரப்பினால், செய்யாத தொழிலுக்கெல்லாம் போன் வரும். கடைப் பெயரோடு ‘பெஸ்ட் லேடீஸ் டெய்லர் திருச்சி’ என்று ஒட்டுவதும் வேண்டாம். பலகையில் உள்ள பெயரைத்தான் போட வேண்டும் என்பது விதி. மீறினால் பதிவையே முடக்கிவிடலாம்.

அடுத்தது இடம். தூரத்தை முகவரியை வாசித்துக் கணக்கிட முடியாது. முகவரி முதலில் அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்களாக மாறுகிறது. மேப்பில் தெரியும் சிவப்புக் குறி அந்த எண்கள்தான். தேடுபவரின் போன் இருக்கும் இடத்திலிருந்து அந்தக் குறி வரைக்கும்தான் தூரம். தவறு பெரும்பாலும் இந்த மாற்றத்தில்தான் நடக்கிறது. தில்லைநகரில் ஒரே எண் கொண்ட கிராஸ், மெயின் ரோட்டுக்குக் கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாக இருக்கும். முகவரியில் கிழக்கா மேற்கா என்பது விட்டுப்போனால் குறி எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துவிடலாம். தெருவே புரியாவிட்டால் பகுதியின் நடுவில் எங்காவது விழும். திருச்சி வாக்கில் எண்ணின் மூன்றாவது தசம இலக்கம் ஒன்று மாறினாலே குறி சுமார் 110 மீட்டர் நகரும். கடைகள் நெருக்கமாக உள்ள பகுதியில் இந்த வித்தியாசத்துக்குள் இன்னும் சில தையல் கடைகள் முந்திக்கொள்ளும். அதையும் மீறி நம் கடை வரிசையில் முன்னால் வந்தாலும், மேப்பில் வழி பார்த்து வருபவர் தப்பான தெருவில்தான் நிற்பார்.

கடைக்குள் உட்கார்ந்து போனின் தற்போதைய இடத்தைக் கொடுத்தால் போதும் என்று நினைக்கலாம். திறந்த வெளியில் போனின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் வரை துல்லியம் காட்டும். கட்டடத்துக்குள்ளோ, உயர்ந்த சுவர்களுக்கு நடுவிலோ சிக்னல் எதிரொலித்துக் குறி அலையும். அதைவிட, கூகுளில் கடையின் பதிவைத் திறந்து Edit profile போய், Location பகுதியில் மேப்பைச் சேட்டிலைட் படமாக மாற்றி, நன்றாகப் பெரிதாக்கி, கடையின் கூரையைக் கண்டுபிடித்து, வாசல் இருக்கும் பக்கமாகக் குறியை நகர்த்தி வைப்பது நம்பகமானது. கூட்டம் அதிகமுள்ள கடைவீதிக்குக் குறியை நகர்த்துவது இன்னொரு தவறு. தூரம் அங்கிருந்து கணக்காகும், வாடிக்கையாளரும் அங்கேதான் போய் நிற்பார், ‘இந்த இடத்தில் கடை இல்லை’ என்று புகாரும் கொடுப்பார்.

வீட்டிலேயே தைத்து, தாங்களே போய் அளவெடுத்து வருபவர்களுக்கு வேறு வழி உண்டு. முகவரியை மறைத்துவிட்டு, போய்வரும் பகுதிகளை மட்டும் Service area என்று குறிக்கலாம். தனியாக இருக்கும் பெண்கள் வீட்டு முகவரியைப் பொதுவில் போட வேண்டிய அவசியமே இல்லை.

மாற்றியபின் கடைக்குள்ளிருந்தே தேடிப் பார்த்தால் பெரும்பாலும் நன்றாகத்தான் தெரியும், ஏனென்றால் அங்கே தூரம் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தெரிந்தவர்களிடம், கடைப் பெயரைச் சொல்லாமல் ‘பிளவுஸ் ஸ்டிச்சிங்’ என்று அவரவர் போனில் தேடச் சொல்லுங்கள். சில வாரங்கள் கழித்து அதே பதிவில் Performance பக்கத்தைத் திறந்தால், எந்தெந்தச் சொற்களைத் தேடியவர்களுக்குக் கடை தெரிந்தது என்ற பட்டியல் இருக்கும். கடைப் பெயர் மட்டுமே அதில் வந்தால், ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான் தேடுகிறார்கள். tailor, blouse போன்ற சொற்கள் வர ஆரம்பித்தால் வகை வேலை செய்கிறது.