சேவற்கட்டில் இல்லை இயக்குநரின் கையெழுத்து

மதுரையில் வார இறுதிகளில் திரைப்பட ரசனை வகுப்பு நடத்தி வருகிறேன். படத்தொகுப்பு என் தொழில். ஓர் இயக்குநரின் நடை எது என்று கேட்டால் வகுப்பின் முதல் நாளில் பெரும்பாலும் ஒரே மாதிரியான பதில்தான் வரும். சென்ற முறை திருப்பரங்குன்றத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர், "சார், 'பருத்திவீரன்', 'சுப்ரமணியபுரம்', 'ஆடுகளம்' மூணும் ஒரே ஸ்டைல்தான் சார், நம்ம ஊர் ஸ்டைல்" என்றார். 'ஆடுகளம்' அவர் வசிக்கும் பகுதியிலேயே நடக்கும் சேவற்கட்டுக் கதை என்பதால் அந்தப் பெருமிதம் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த மூன்று படங்களையும் இயக்கியவர்கள் அமீர், சசிகுமார், வெற்றிமாறன் என்ற மூன்று தனி ஆட்கள். பேச்சுவழக்கு, திருவிழா, அரிவாள், தெருச்சண்டை ஆகியவை ஊருக்கும் அந்தக் காலத்துப் படப் போக்குக்கும் சொந்தமானவை. அவற்றை இயக்குநரின் கணக்கில் எழுதுவதுதான் இத்துறையில் நான் மிகுதியாகக் காணும் பிழை.

படத்தின் உண்மையான ஆசிரியர் இயக்குநரே என்னும் ஆத்தர் கோட்பாட்டின் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. 1954இல் பிரெஞ்சு இதழான 'கயே து சினிமா'வில் பிரான்சுவா த்ரூஃபோ எழுதிய கட்டுரை, திரைக்கதையாசிரியரின் எழுத்தைப் படமாக்கித் தருவதோடு நின்றுவிடும் இயக்குநரையும், படத்தையே தன் எழுத்தாக்கிக்கொள்ளும் இயக்குநரையும் வேறுபடுத்தியது. 1962இல் அமெரிக்க விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸ் அதற்கு மூன்று அளவுகோல்களை வகுத்தார். தொழில்திறமை முதலாவது, படத்துக்குப் படம் அடையாளம் காணக்கூடிய ஆளுமை இரண்டாவது, கையில் கிடைத்த கதைப்பொருளுக்கும் இயக்குநரின் ஆளுமைக்கும் இடையிலான இழுபறியிலிருந்து பிறக்கும் உள்ளர்த்தம் மூன்றாவது. நான் வகுப்பில் அதிக நேரம் செலவிடுவது இந்த மூன்றாவதில்தான், ஏனெனில் கதைப்பொருள் மாறியும் எது மாறாமல் நிற்கிறது என்று தேடும்போதுதான் இயக்குநர் கண்ணுக்குத் தெரிகிறார்.

தேடுவதற்கு முன் படங்களைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். ஒரே ஒளிப்பதிவாளர், ஒரே இசையமைப்பாளர், ஒரே நாயகன் என்று அமைந்த படங்களை வரிசையாகப் பார்த்தால் யாருடைய கை எது என்று பிரிக்கவே முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு வகுப்பில், 'ஆடுகள'த்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் இயக்குநரின் முத்திரை என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். அதன் ஒளிப்பதிவாளர் வேல்ராஜ். பிறகு எஸ். ராமலிங்கம் ஒளிப்பதிவு செய்த 'விசாரணை'யைப் பார்த்தபோது, நான் முத்திரை என்று சொன்னது அதில் இல்லை. அடுத்த வாரம் அதே மாணவர்களிடம் அந்தக் கருத்தைத் திருத்திச் சொன்னேன்.

ஆகவே வெற்றிமாறனின் படங்களில் 'ஆடுகளம்' (2011), 'விசாரணை' (2016), 'வட சென்னை' (2018) ஆகிய மூன்றை எடுத்துக்கொள்கிறேன். முதல் இரண்டுக்கும் படத்தொகுப்பாளர் கிஷோர், இசை ஜி.வி. பிரகாஷ்குமார்; மூன்றாவதில் இருவருமே இல்லை, இசை சந்தோஷ் நாராயணன். முதலிலும் மூன்றிலும் வேல்ராஜும் தனுஷும் இருக்கிறார்கள். நடுவில் உள்ளதில் வேல்ராஜின் ஒளிப்பதிவும் இல்லை, தனுஷின் நடிப்பும் இல்லை. 'விசாரணை'யின் கதை மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' என்ற நூலிலிருந்து வந்தது. இப்படிக் கூட்டணி கலைந்து கலைந்து அமையும் வரிசையில் தொடர்ந்து வருவது எதுவோ, அதை இயக்குநருக்கு உரியதாகக் கருதுவதற்கு ஓரளவு நியாயம் உண்டு. (கதையின் முடிவுகளைச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது, படங்களைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

மாணவர்கள் முதலில் கண்டுபிடிப்பது துரோகத்தை. 'ஆடுகள'த்தில் பேட்டைக்காரர் தன் சீடன் கருப்புக்கு எதிராகத் திரும்புகிறார். 'விசாரணை'யில் குண்டூர் நீதிமன்றத்தில், பொய் வழக்கில் சிக்கிய இளைஞர்களின் விடுதலைக்கு உதவிய தமிழ்நாட்டு ஆய்வாளர் முத்துவேலின் கையாலேயே அவர்கள் சாவுக்கு அருகில் கொண்டுபோகப்படுகிறார்கள். 'வட சென்னை'யில் தங்களை வளர்த்த ராஜனைக் குணாவும் செந்திலும் மற்ற இருவரும் கொல்கிறார்கள். காக்கும் கை கழுத்தைப் பிடிப்பதுதான் வெற்றிமாறன் என்று உடனே எழுதிவிடத் தோன்றும். ஆனால் 'சுப்ரமணியபுர'த்திலும் நம்பிய குடும்பம் கைவிடுகிறது, நம்பிய பெண்ணே காட்டிக்கொடுக்கிறாள். கருவை மட்டும் வைத்துப் பார்த்தால் சசிகுமாரையும் வெற்றிமாறனையும் பிரிக்க முடியாது.

பிரிப்பதற்கு நான் கேட்கச் சொல்லும் கேள்வி, துரோகம் நடக்கப்போவது யாருக்கு எப்போது தெரிகிறது என்பது. 'சுப்ரமணியபுர'த்தில் துளசி அழுதுகொண்டு நிற்கும்போதுதான் அழகருக்குப் புரிகிறது; ஏறக்குறைய அதே கணத்தில்தான் நமக்கும் புரிகிறது. 'ஆடுகள'த்தில் அப்படியில்லை. அறுத்துவிடு என்று பேட்டைக்காரர் சொன்ன சேவலைக் கருப்பு அறுக்காமல் வளர்த்துக் களத்தில் இறக்குகிறான்; அது என் சேவல் இல்லை என்று அவர் சபையறியச் சொல்லிவிடுகிறார். சேவல் ஜெயிக்கிறது, மறுபடியும் ஜெயிக்கிறது. ஊரே களத்தைப் பார்த்துக் கூச்சலிடும்போது, நாம் பார்க்க வேண்டியது பேட்டைக்காரராக நடித்த வ.ஐ.ச. ஜெயபாலனின் முகத்தை. அந்த முகத்தில் பொறாமை ஊறுவது நமக்குத் தெரிகிறது. வெற்றிக் களிப்பில் இருக்கும் கருப்புக்குத் தெரியவில்லை. அதன் பிறகு அவர் தன் இன்னொரு சீடன் துரையையும் கருப்பையும் மோதவிடும் காட்சிகளையெல்லாம், உண்மை தெரிந்தும் சொல்ல வழியில்லாதவர்களாகவே நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதே ஏற்பாடு 'விசாரணை'யின் இரண்டாம் பாதியில் திரும்புகிறது. காவல் நிலையத்தைக் கூட்டிப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருக்கும் இளைஞர்கள் வீட்டுக்குப் போகும் நினைப்பில் இருக்க, அதே கட்டடத்தின் வேறு அறைகளில் அதிகாரிகள் பேசுவதைக் கேட்கும் நமக்கு ஆபத்தின் அளவு அவர்களுக்கு முன்பே தெரிகிறது. 'வட சென்னை'யோ கொலை முடிந்த பின் ஓர் உணவகத்துக்குள் நான்கு பேர் பேசிக்கொண்டிருப்பதோடு தொடங்குகிறது. குணாவின் நிழலில் நாயகன் அன்பு வளரும் காலமெல்லாம், குணாவின் கையில் இரத்தம் இருப்பதை நாம் அறிவோம், அன்பு அறியான். ஊர், மூலக்கதை, ஒளிப்பதிவாளர், இசை எல்லாம் மாறியும், தகவலைப் பார்வையாளருக்கு முன்னதாகவும் பாதிக்கப்படுபவருக்குப் பின்னதாகவும் தரும் இந்த வரிசை மாறவில்லை. கையெழுத்து என்று நான் சொல்வது இதைத்தான்.

இதற்கு எதிரான சான்றையும் சேர்த்தே குறித்துவைக்க வேண்டும். சிறையில் கேரம் போட்டியின்போது அன்பு செந்திலைக் குத்தும் இடத்தில் அந்த வரிசை தலைகீழாகிறது. அன்பு யாருடைய ஆள் என்பதைப் படம் நம்மிடமிருந்தும் மறைத்தே வைத்திருந்தது. செந்திலைப் போலவே நாமும் ஏமாறுகிறோம். இதை ஒரு மாணவி சுட்டிக்காட்டியபோது வகுப்பில் வாதம் நீண்டது. நாயகனே துரோகம் செய்யும்போது இயக்குநர் நம்மை வேறு பக்கத்தில் உட்காரவைக்கிறார் என்பது என் வாசிப்பு. அந்த மாணவி அதை ஏற்கவில்லை. மூன்று படங்களில் கண்ட ஒன்றை விதி என்று சொல்வதற்கு இல்லை என்பது அவருடைய வாதம், அதில் நியாயமும் இருக்கிறது.

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோருக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு நோட்டில் ஒவ்வொரு முக்கியக் காட்சிக்கும் ஒரு வரி ஒதுக்கி, அந்தக் காட்சி முடியும்போது நமக்குத் தெரிந்தது என்ன, பாத்திரத்துக்குத் தெரிந்தது என்ன என்று இரண்டு கட்டங்களில் எழுதுங்கள். படத்தின் தலைப்புப் பட்டியலில் வரும் ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், இசையமைப்பாளர், மூலக்கதை ஆகியவற்றைப் பக்கத்தின் மேலே எழுதிவையுங்கள். நீங்கள் முத்திரை என்று நினைத்த ஒன்று, மேலே உள்ள ஒரு பெயர் மாறிய படத்தில் காணாமல்போனால், அதை அந்தப் பெயருக்கு உரியவரின் பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். 'ஆடுகள'த்துக்காகவும் 'விசாரணை'க்காகவும் கிஷோர் தேசிய விருது பெற்றார். அவருடைய உழைப்பை இயக்குநரின் பெயரில் எழுதிவிடும் நூல்களையும் பேச்சுகளையும் படத்தொகுப்பாளனாக நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

அந்தத் திருப்பரங்குன்றத்து மாணவர் இப்போது வெற்றிமாறனின் 'அசுர'னுக்கு இந்தக் கட்டங்களைப் போட்டுக்கொண்டிருக்கிறார். தந்தையும் மகனும் இரவில் நீரைக் கடந்து தப்பும் தொடக்கக் காட்சியில் பாத்திரங்களுக்கு எல்லாம் தெரியும், நமக்கு எதுவும் தெரியாது என்று முதல் வரியிலேயே எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு எனக்கு அனுப்பியிருக்கிறார்.