ஐஸ்கட்டியைக் கடிக்கச் சொல்லும் உடம்பு

உடலில் இரும்புச்சத்து தீரும்போது சிலருக்கு ஒரு விசித்திரமான ஆசை வரும். ஃப்ரீசரைத் திறந்து ஐஸ்கட்டிகளை எடுத்து, ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று கறமுற கறமுறவென்று கடித்துத் தின்பார்கள். ஜூஸ் குடித்தால் ஜூஸ் தீர்ந்த பிறகும் தம்ளரில் மிச்சமிருக்கும் ஐஸை விடமாட்டார்கள். வெயிலுக்காக ஒருநாள் ஐஸ் தின்பதை நான் சொல்லவில்லை. மழைக்காலத்திலும் நிற்காத, தினமும் கிண்ணம் கிண்ணமாகக் கேட்கிற ஆசை இது. வேறு சிலருக்கு இதே ஆசை மண், சாம்பல், திருநீறு, பச்சரிசி, சாக்பீஸ் மேல் போகும்.

மண் தின்னும் ஆசை தமிழருக்குப் புதிதல்ல. புறநானூற்றின் 20-ஆம் பாடலில் சேர மன்னனிடம் புலவர் சொல்கிறார்: கருவுற்ற பெண்கள் ஆசைப்பட்டு உண்பதைத் தவிர, உன் மண்ணைப் பகைவர் உண்ண முடியாது. அவ்வளவு பழக்கமான காட்சி என்பதால்தான் இன்றும் “மசக்கைதானே” என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். ஆனால் கர்ப்பத்தில் குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் தாயின் கூடுதல் ரத்தத்துக்கும் இரும்பு நிறைய தேவைப்படுகிறது. அந்த ஆசைக்குப் பின்னால் இரும்புக் குறைவு இருக்கிறதா என்று பார்க்காமல் விடக்கூடாது.

மண்ணில் இரும்பு இருக்கிறது, அதைத்தான் உடம்பு தேடுகிறது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஐஸில் இரும்பே கிடையாது, இருந்தும் இரும்புக் குறைவோடு மிக நெருக்கமாக ஒட்டிவரும் ஆசை ஐஸ் மேல்தான். மண்ணிலுள்ள இரும்பிலும் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்படுவதில்லை. சில வகைக் களிமண், சாப்பாட்டில் வந்த இரும்பையும் பிடித்துவைத்துக்கொண்டு வெளியே கொண்டுபோய்விடும். அதனால் மண் தின்றால் குறை கூடலாம். மண்ணோடு குடற்புழு முட்டைகளும் ஈயமும் உள்ளே போகலாம்.

அப்படியானால் ஐஸ் என்ன செய்கிறது? அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. 2014-இல் அது வெளியானது. இரும்புக் குறைவால் ரத்தசோகை வந்தவர்களும் நலமாக இருப்பவர்களும் கவனத்தைச் சோதிக்கும் ஒரு தேர்வை எழுதினார்கள். தேர்வுக்கு முன் சிலருக்கு ஐஸ், சிலருக்கு வெதுவெதுப்பான தண்ணீர். ரத்தசோகை உள்ளவர்கள் ஐஸ் தின்றபோது கவனத்திலும் வேகத்திலும் முன்னேறினார்கள். நலமாக இருந்தவர்களுக்கு ஐஸால் எந்த மாற்றமும் இல்லை. வாயில் படும் குளிர்ச்சி மூளைக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் கூட்டுகிறது, சோர்ந்திருக்கும் மூளைக்கு அது ஒரு விழிப்பைத் தருகிறது என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஊகம் சரியோ இல்லையோ, மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்று உண்டு: இரும்பு மாத்திரை தொடங்கினால் ஐஸ் ஆசை பெரும்பாலும் ஓரிரு வாரத்தில், சிலருக்குச் சில நாளிலேயே அடங்கிவிடும். ஹீமோகுளோபின் அதற்குள் அதிகம் ஏறியிருக்காது. ஆகவே இந்த ஆசை ரத்தத்தின் அளவை மட்டும் பொறுத்ததல்ல.

இரும்பு என்றாலே ரத்தம் என்று நினைத்துப் பழகிவிட்டோம். உடலிலுள்ள 3 முதல் 4 கிராம் இரும்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில் இருப்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு செல்லும் சக்தி தயாரிக்கவும், பிரியும் முன் புது டி.என்.ஏ. செய்யவும் இரும்பு வேண்டும். அதனால் வேகமாகப் புதுப்பிக்கப்படும் இடங்களில் பற்றாக்குறை சீக்கிரம் தெரியும். நாக்கு அப்படிப்பட்ட இடம். அதன் மேல் இருக்கும் பூனைநாக்கு மாதிரியான சொரசொரப்பு, நுண்ணிய முளைகளால் ஆனது. புதுச் செல்கள் வராதபோது அந்த முளைகள் நுனியிலும் ஓரங்களிலும் முதலில் தேய்கின்றன. நாக்கு சிவந்தோ வெளிறியோ வழவழவென்று ஆகிவிடும். வழக்கமாகச் சாப்பிடும் காரக்குழம்பே திடீரென்று எரியும். பலருக்கு வாயின் ஓரங்களும் கூடவே வெடிக்கும். ஒரு எச்சரிக்கை: பி12, ஃபோலிக் அமிலம் குறைந்தாலும் நாக்கு இப்படியே ஆகும். நாக்கை மட்டும் வைத்து இரும்பு என்று முடிவுகட்ட முடியாது.

நகம் தாமதமாகவே சொல்லும். இரும்புக் குறை நீண்டால் நகம் மெலிந்து, நடுவில் குழிந்து, ஓரங்கள் மேலெழும். பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் இது பளிச்சென்று தெரியும். நகத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வழியாமல் தங்கும். கைக்குழந்தைகளின் கால்நகம் இயல்பாகவே இப்படி இருக்கலாம். கரைப்பான்களில் கை வைத்து வேலை செய்பவர்களுக்கும் வரும். நகம் மாதம் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. ஆகவே சிகிச்சை தொடங்கிய பிறகும் நல்ல நகம் முழுதாக வர ஆறு மாதம் ஆகும்.

இனி கணக்குப் போட்டுப் பார்ப்போம். 35 வயதுப் பெண் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். தோல், குடல் வழியாக எல்லோரும் நாளுக்குச் சுமார் 1 மில்லிகிராம் இரும்பை இழக்கிறோம். இவருக்கு மாதவிடாயில் 80 மில்லிலிட்டர் ரத்தம் போகிறது. அதில் கிட்டத்தட்ட 30 மில்லிகிராம் இரும்பு, அதாவது நாள் ஒன்றுக்கு இன்னொரு 1 மில்லிகிராம். மொத்தச் செலவு 2. சோறு, பருப்பு, கீரை, சாப்பிட்டவுடன் டீ என்று இருப்பவருக்கு உறிஞ்சப்படுவது 1.25 என்று வைப்போம். தினம் 0.75 துண்டு விழுகிறது. சேமிப்பில் 300 மில்லிகிராம் இருந்தால் 400 நாளில் காலி.

அந்த 400 நாளும் ஹீமோகுளோபின் பெரிதாக அசையாது, ஏனென்றால் உடல் கையிருப்பை எடுத்து ரத்தத்தைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கிறது. சேமிப்பு தீரும் கட்டத்தில் அவர் ஐஸ் கடிக்க ஆரம்பிக்கலாம். பரிசோதனை செய்தால் ஹீமோகுளோபின் 12.1. பெண்களுக்கு எல்லைக்கோடு 12 என்பதால் “நார்மல்” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிற இடம். ஃபெரிட்டின் என்கிற சேமிப்பின் அளவையும் கேட்டிருந்தால் 8 என்று வந்திருக்கும். 15-க்குக் கீழே போனாலே சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் கொள்கிறது. பல மருத்துவர்கள் 30-க்குக் கீழேயே கவனிக்கத் தொடங்குவார்கள். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

சிகிச்சையில் அவசரம் உதவாது. ஒரு மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, குடலின் இரும்பு வாசலை ஏறத்தாழ ஒரு நாளுக்குப் பாதியளவு மூடிவிடும். அதனால் நாளுக்கு மூன்று வேளை போடுவதைவிட ஒரு வேளையோ, ஒன்றுவிட்டு ஒருநாளோ போடச் சொல்லும் மருத்துவர்கள் இப்போது அதிகம். டீ, காபிக்கும் மாத்திரைக்கும் ஒன்றிரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போவது இயல்பு. ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பை நிரப்ப மூன்று மாதமாவது தொடர வேண்டும். ஐஸ் ஆசை போனதும் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

அப்புறம், இரும்பு எங்கே போகிறது என்பதையும் தேட வேண்டும். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வயிற்றிலோ குடலிலோ கண்ணுக்குத் தெரியாமல் கசியும் ரத்தத்தை. புண், மூலம், சிலருக்குப் புற்றுநோய்கூட அப்படித்தான் முதலில் பிடிபடும். அவர்களுக்கு மாத்திரையோடு எண்டோஸ்கோபியும் கொலோனோஸ்கோபியும் தேவைப்படும்.