பக்கைப் பிய்க்கும் விரலும் ஆறாத புண்ணும்

பரு காய்ந்து பக்கு கட்டும்போது அதன் ஓரம் லேசாகத் தூக்கி நிற்கும். விரல் நுனியில் அந்தச் சொரசொரப்பு பட்டதும் பிய்க்கத் தோன்றுகிறது. பிய்த்த கணத்தில் ஓர் ஆறுதல், அடுத்த கணத்தில் ரத்தமும் வெட்கமும். அடியில் வளர்ந்துகொண்டிருந்த புதுத்தோலும் பக்கோடு வந்துவிடுவதால் புண் மறுபடி முதலிலிருந்து ஆற வேண்டும். அதற்குள் இன்னொரு பக்கு கட்டிவிடும். காயம் உள்தோல் வரை போனால் தழும்பு நிலைத்துவிடும்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் தன் கையேட்டில் இப்படித் தோலைப் பிய்த்துக்கொண்டே இருப்பதைத் தனி மனநலக் கோளாறாகச் சேர்த்தது. நிறுத்தப் பலமுறை முயன்றும் முடியாமல் போவது அதன் அடையாளங்களில் ஒன்று. ஆகவே "கையை எடு" என்று அதட்டுவதால் பயனில்லை. பதற்றம்தான் கூடும், பிய்ப்பது குளியலறைக் கதவுக்குப் பின்னால் போய்விடும்.

முதலில் பிய்ப்பவரையே ஒரு வாரம் குறித்துவைக்கச் சொல்லுங்கள்: எந்த நேரம், எந்த இடம், எந்தக் கை, அதற்கு முன் என்ன நடந்தது. கல்லூரி மாணவி ஒருத்தியின் குறிப்பில் இரண்டு நேரங்கள் தெரிவதாக வைத்துக்கொள்வோம். படிக்கும்போது இடது கை தானாகக் கன்னத்தைத் தடவுகிறது; அவளுக்கே தெரிவதில்லை. படுக்கும் முன் கண்ணாடி முன்னால் நின்று பருவைத் தேடித் தேடிக் கிள்ளுகிறாள். இது தெரிந்தே நடக்கிறது.

முதலாவதற்கு விரல் நுனியில் பிளாஸ்திரி ஒட்டலாம், தொட்டதுமே உறைக்கும். உறைத்தவுடன் கையை மடக்கி ஒரு நிமிடம் முஷ்டியாக வைத்திருக்க வேண்டும். பிய்க்கும் வேகம் அதற்குள் தணியலாம். இரண்டாவதற்கு கண்ணாடிக்கு மேலுள்ள பளிச்சென்ற விளக்கை மங்கலானதாக மாற்றுங்கள், சாமணத்தை எடுத்துவிடுங்கள். அவள் சம்மதத்தோடுதான் செய்ய வேண்டும், ஒளித்துவைத்தால் அது சண்டையில் முடியும்.

புண்ணைக் "காயவிடு" என்பது நம் வீடுகளில் தவறாமல் கேட்கும் அறிவுரை. இங்கே அது எதிராகவே வேலை செய்யும், காய்ந்தால்தானே பக்கு கெட்டியாகும். சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, மெல்லிசாக வாஸலின் தடவி, பிளாஸ்திரியால் மூடி, தினம் மாற்றுங்கள். ஈரம் இருந்தால் புதுத்தோல் சீக்கிரம் படரும். பிய்க்க ஓரமும் கிடைக்காது.

"நீ பிய்க்கிறதைப் பார்த்தா அம்மா சொல்லட்டுமா, எப்படிச் சொல்லணும்?" என்று அமைதியான நேரத்தில் கேளுங்கள். வேண்டாம் என்றால் சொல்லாதீர்கள். சம்மதித்தால் மேசையை ஒருமுறை தட்டுவது போன்ற ஒரு சைகை போதும். தோல் எப்படி இருக்கிறது என்று தினமும் முகத்தை உற்றுப் பார்க்காதீர்கள்.

இரவில் அரிப்பு அதிகமாகி, வீட்டில் மற்றவர்களுக்கும் அரித்தால் சிரங்காக இருக்கலாம், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பழக்கம் விடவில்லை என்றால், பழக்கத்தை மாற்றும் பயிற்சி தரும் மனநல நிபுணரைப் பாருங்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாத்திரை இந்தப் பழக்கத்தைக் குறைக்குமா என்று 66 பேரிடம் 12 வாரம் சோதித்த ஆய்வு 2016-ல் வெளியானது. மாத்திரை எடுத்தவர்களில் 47 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 19 சதவீதத்தினருக்கும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. எல்லோருக்கும் அது பலிக்கவில்லை, ஆகவே மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் கடையில் வாங்கிப் போடக் கூடாது.