‘சான்றுத்தன்மை’ வேண்டாம்: வந்துடுச்சாம், வந்திருக்கு, வந்திருக்கும்

கேள்விப்பட்டதைச் சொல்கிற ஒட்டுக்குப் போய்ச் ‘சான்று’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மொழியியல் பாடக்குறிப்பு, மொழிபெயர்ப்புக் கட்டுரை, பயிலரங்கு, எங்கே போனாலும் ‘சான்றுத்தன்மை’, ‘சான்றுத்தன்மை உருபு’. சமீபத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கூட்டத்தில் இதையே மறுபடி கேட்க நேர்ந்தது. பேசியவர் ‘வந்தானாம்’ என்பதை உதாரணம் காட்டி, இதிலுள்ள ‘ஆம்’ சான்றுத்தன்மை உருபு என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, “நான் பாக்கலன்னு சொல்றதுக்குத்தானே சார் வந்தானாம்னு சொல்றோம்? அதுல என்ன சான்று இருக்கு?” என்று கேட்டாள். ‘அது கலைச்சொல்’ என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். கேள்வி சரியான கேள்வி.

முதலில் பொருள். ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லும்போது, அது தமக்கு எப்படித் தெரியவந்தது என்பதையும் வினைவடிவமோ ஒட்டோ காட்டிக்கொடுக்கிற இலக்கணக் கூறுதான் இது. கண்ணால் பார்த்ததா, தடயத்தைப் பார்த்து ஊகித்ததா, பிறர் சொல்லக் கேட்டதா என்ற வேறுபாடு. ஆங்கிலத்தில் ‘எவிடென்ஷியாலிட்டி’. லத்தீனில் ‘பார்’ என்ற பொருளுள்ள வினையிலிருந்து கிளைத்த சொல். மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1911-லேயே கனடாவின் மேற்குக் கரையில் பேசப்படும் குவாகியூட்ல் மொழியை வைத்து இதை விளக்கியிருக்கிறார். ‘அந்த ஆளுக்கு உடம்பு சரியில்லை’ என்று அந்த மொழியில் சொல்ல வேண்டுமானால், நோயாளியை நேரில் பார்க்காதவர் அதைக் கேள்விப்பட்டாரா, தடயத்தால் அறிந்தாரா, கனவில் கண்டாரா என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும் என்கிறார். 1957-இல் மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் ஒரு கட்டுரையில் பயன்படுத்திய பிறகு அந்த ஆங்கிலக் கலைச்சொல் ஊன்றிவிட்டது. வரலாறு இவ்வளவு போதும்.

கனவெல்லாம் நமக்குக் கிடையாது. ஆனால் மற்றவை இருக்கின்றன. காவிரிப் படுகையில் அதைப் பார்க்க நல்ல காலம் ஜூன் மாதம். மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அங்கே திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கடைமடையான தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் எட்டுவதற்குள் ஊரெல்லாம் ஒரே பேச்சாக இருக்கும். அந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டால் போதும்.

ஆற்றங்கரையில் நின்று பார்த்துவிட்டு வந்தவர் சொல்வது: “தண்ணி வந்துடுச்சு.” இதில் ஒட்டு எதுவும் இல்லை.

இன்னொருவர் விடிந்ததும் ரெகுலேட்டர் பக்கம் போகிறார். முறை வைத்து விடுவதால் மதகுப் பணியாளரான லஸ்கர் ஷட்டரை அதற்குள் இறக்கிவிட்டார். ஓடுகிற தண்ணீர் இல்லை. ஆனால் படுகை மணல் நனைந்திருக்கிறது, மதகுச் சுவரில் ஈரக்கோடு ஏறியிருக்கிறது, கரையோரம் நுரையும் சருகும் ஒதுங்கிக் கிடக்கின்றன. அவர் சொல்வது: “ராத்திரி தண்ணி வந்திருக்கு.” அவர் தண்ணீர் வந்ததைப் பார்க்கவில்லை, வந்த தடத்தைப் பார்த்தார். இந்த ‘இரு’ அதைத்தான் சொல்கிறது. கொஞ்சம் தயக்கம் இருந்தால் “வந்திருக்கு போல” என்பார்.

மூன்றாமவர் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்கவேயில்லை. கல்லணை திறந்த நாளை எண்ணிப் பார்த்துவிட்டு, “இந்நேரம் தண்ணி வந்திருக்கும்” என்கிறார். தடயம் ஏதும் கையில் இல்லை. வருஷா வருஷம் பார்த்த பழக்கத்தில் போடுகிற கணக்கு. ‘வந்திருக்கு’, ‘வந்திருக்கும்’ இரண்டுக்கும் நடுவே ஓர் ‘உம்’ தான் வித்தியாசம். ஆனால் முன்னதைச் சொன்னவரிடம் “எதை வச்சுச் சொல்றீங்க?” என்று கேட்டால் ஈரக்கோட்டைக் காட்டுவார், பின்னதைச் சொன்னவர் காலண்டரைக் காட்டுவார்.

நாலாவது டீக்கடை. “தண்ணி வந்துடுச்சாம்.” யாரோ சொன்னார்கள். யார் என்பது தேவையில்லை. இந்த ஒட்டு மற்றதன் மேலும் ஏறும். ஈரக்கோட்டைப் பார்த்தவர் சொன்னதைக் கேட்டவர் “தண்ணி வந்திருக்காம்” என்பார். ஊகித்தது ஒருவர், கேள்விப்பட்டது இன்னொருவர், இரண்டும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. துருக்கி மொழியில் ‘கெல்மிஷ்’ என்றால் ‘வந்திருக்கிறான்’ என்றும் கொள்ளலாம், ‘வந்தானாம்’ என்றும் கொள்ளலாம். அங்கே ஊகித்ததற்கும் கேள்விப்பட்டதற்கும் ஒரே விகுதி. நம்மிடம் தனித்தனி.

இப்போது ‘சான்று’க்கு வருவோம். தமிழில் சான்று என்றால் நிரூபணம், சாட்சி. சான்றிதழ், சான்றாவணம், சான்றொப்பம் எல்லாமே ‘இது உறுதி’ என்று முத்திரை குத்துகிற சொற்கள். இதைக் கொண்டுபோய் ‘ஆம்’ தலையில் வைத்தால் பொருள் தலைகீழாகிறது. நீதிமன்றத்தில் சாட்சிக்கூண்டில் ஏறி “அவர்தான் வெட்டினாராம்” என்று ஒருவர் சொன்னால் வக்கீல் உடனே எழுந்துவிடுவார். 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 60-ஆம் பிரிவே வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும் என்றது. பார்த்ததைப் பார்த்தவரும் கேட்டதைக் கேட்டவரும்தான் வந்து சொல்ல வேண்டும். ஆக, கோர்ட்டில் எந்த ஒட்டு வந்தால் பேச்சு பொதுவாகச் சான்றாகாதோ, அந்த ஒட்டுக்கு வகுப்பறையில் ‘சான்று உருபு’ என்று பெயர்.

‘ஆதாரத்தன்மை’ என்று மாற்றிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நோய் அதேதான். ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் இருக்கும் பொருளை எடுத்து, பின்னால் ‘தன்மை’யை ஒட்டிவிடுவது. ஆங்கிலம் தெரிந்தவர் அதை மனத்துக்குள் திருப்பி மொழிபெயர்த்துப் புரிந்துகொள்வார். தமிழ் மட்டும் தெரிந்தவர் தவறாகப் புரிந்துகொள்வார். அப்படியானால் அந்தக் கலைச்சொல் யாருக்கு?

இந்தப் பெயரால் வருகிற பெரிய கேடு, அறிந்த வழியையும் நம்பிக்கையின் அளவையும் ஒன்றாகக் குழப்புவது. ‘ஆம்’ வந்தால் சொல்கிறவருக்குச் சந்தேகம் என்று பாடக்குறிப்பிலேயே எழுதிவிடுகிறார்கள். அப்படியா? “சின்ன வயசுல நான் ராத்திரியெல்லாம் அழுவேனாம்” என்று சொல்கிறவருக்குத் தன் அம்மா பேச்சில் துளி சந்தேகமும் இல்லை. தனக்கு நினைவில்லை, பிறர் சொல்லித் தெரியும், அவ்வளவுதான். சந்தேகத்துக்கு நம் இலக்கணத்தில் வேறு சொல் இருந்தது. தொல்காப்பியம் ‘கொல்’ ஐயத்துக்கு, ‘மன்ற’ உறுதியைச் சொல்லும் தேற்றத்துக்கு என்று தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதே நூலின் முதல் நூற்பா ‘முப்பஃது என்ப’ என்கிறது. எழுத்து முப்பதுதானா என்று ஆசிரியருக்கு ஐயமா? முன்னோர் சொன்னது என்று காட்டுகிறார். ‘என்ப’ அறிந்த வழி, ‘கொல்’ ஐயம். “அவரு பெரிய மிராசுதாராம்!” என்று உதட்டைப் பிதுக்குகிற ‘ஆம்’ உண்டுதான். ‘இது என் சொல் இல்லை’ என்று விலகி நிற்பதிலிருந்து வந்த நக்கல் அது. குரலை எடுத்துவிட்டால் நக்கலும் போய்விடும்.

இது இலக்கணக் கூறுதானா, வெறுமனே ‘சொன்னார்கள்’ என்பதன் சுருக்கமா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. “தண்ணி வந்துடுச்சாம்” என்று ஒருவர் சொல்ல, நீங்கள் “இல்லையே” என்று மறுத்துப் பாருங்கள். நீங்கள் மறுத்தது தண்ணீர் வந்ததை. அவர் கேள்விப்பட்டதை நீங்கள் மறுக்கவில்லை, மறுக்கவும் முடியாது. “தண்ணி வந்துடுச்சுன்னு லஸ்கர் சொன்னாரு” என்றால் கதை வேறு. “அவரு அப்படிச் சொல்லவேயில்லையே” என்று சொன்னதையே மறுக்கலாம். மறுப்பு எட்டாத இடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் இந்த ஒட்டுக்கு அடையாளம். ‘வரலாம்’, ‘போகலாம்’ என்பதிலுள்ள ‘ஆம்’ இதுவன்று. இரண்டுமே ‘ஆகும்’ என்பதன் குறுக்கம்தான், ஆனால் அது ‘வரல்’ என்ற தொழிற்பெயரோடு சேர்ந்து இசைவையும் இயலுவதையும் சொல்கிறது. இது முற்றுவினையின் மேலோ பெயரின் மேலோ ஏறுகிறது: வருவானாம், மூட்டை ஆயிரமாம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழில் இது கட்டாயமில்லை. கேள்விப்பட்டதையும் “தண்ணி வந்துடுச்சு” என்று பார்த்தது போலச் சொல்லிவிடலாம், இலக்கணம் தடுக்காது. அமேசான் பகுதியில் பேசப்படும் தாரியானாவில் அப்படித் தப்ப முடியாது. கண்டது, மற்றப் புலன்களால் உணர்ந்தது, தடயத்தால் ஊகித்தது, பொது அறிவால் கொண்டது, கேட்டது என்று ஐந்தில் ஒன்றை வினையோடு சேர்த்தே ஆக வேண்டும். அதோடு நம் ‘இரு’வுக்கு வேறு வேலையும் உண்டு. “நான் மேட்டூர் போயிருக்கேன்” என்பதில் ஊகம் ஏது?

கட்டாயமில்லை என்பதால்தானோ என்னவோ, எழுத்தில் இதைத் துரத்திவிட்டோம். ‘தண்ணீர் திறக்கப்பட்டுவிட்டதாகக் கூறப்படுகிறது’ என்று செய்தியில் வருகிறது. யார் கூறுகிறார்கள் என்பதும் இல்லை, தமிழும் இல்லை. ‘திறந்துவிட்டார்களாம்’ என்று எழுதினால் வம்பு பேசுவது போல இருக்கிறதாம்! பழகாததால் வந்த கூச்சம் அது. மொழிபெயர்ப்பாளர்களோ ஆங்கிலத்தில் இருக்கும் ஒரு வினையடைக்காக ‘அறிக்கைகளின்படி’ என்று தொடங்கி வாக்கியத்தை ஒரு முழம் நீட்டுகிறார்கள். ஒரே ஒட்டில் முடிகிற காரியம்.

சரி, என்ன சொல்லலாம்? ‘அறிவழி’ பொருத்தமான சொல்தான். ஆனால் அவசரத்தில் படிக்கிறவருக்கு அறிவு அழிவது போலத் தோன்றும். நான் ‘அறிவாயில்’ என்பேன், ஒட்டை ‘அறிவாயில் ஒட்டு’ என்பேன். செய்தி எந்த வாயிலாக வந்தது என்பதுதானே கேள்வி. உள்வகைகளுக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், அறியும் வழிகளான அளவைகளைப் பலவாக எண்ணிவிட்டு, எல்லாமே காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறது. சித்தாந்தம் பயின்ற திருவாவடுதுறை, தருமபுரம் மடங்களுக்கு இவை அன்றாடச் சொற்கள். ‘வந்துடுச்சு’ காண்டல், ‘வந்திருக்கு’ கருதல், ‘வந்துடுச்சாம்’ உரை. ‘வந்திருக்கும்’ கருதலிலேயே தடயம் இல்லாத வகை. தாரியானா கண்ணால் கண்டதையும் மற்றப் புலன்களால் உணர்ந்ததையும் பிரிக்கிறதே என்றால், அந்தச் சித்தாந்த மரபு காண்டலுக்குள்ளேயே வாயிற்காட்சி, தன்வேதனைக் காட்சி என்று பிரிவுகள் வைத்திருக்கிறது. முன்னது ஐம்பொறிக்கும் பொது, பின்னது தன் இன்ப துன்பத்தைத் தானே உணர்வது. கண்ணை மட்டும் தனியே பிரித்துக் காட்ட ‘கட்காட்சி’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டால், தாரியானா பாடத்தையும் தமிழிலேயே நடத்திவிடலாம்.