வார இறுதி அவுட்டிங்குக்கு வர முடியாது என்று மேனேஜரிடம் எப்படிச் சொல்வது?

அப்ரைசல் நேரத்தில் மேனேஜர்கள் எழுதி அனுப்பும் குறிப்புகளைப் படிப்பது மனிதவளத் துறையில் என் வேலையின் ஒரு பகுதி. "வேலை நன்றாகச் செய்கிறார், ஆனால் டீமோடு ஒட்டுவதில்லை" என்ற மாதிரி வரி அவற்றில் அடிக்கடி கண்ணில் படும். எதை வைத்து இப்படி எழுதினீர்கள் என்று கேட்டால், பேச்சு பல நேரம் ஏதாவது ஒரு சனி, ஞாயிறு அவுட்டிங்கில் போய் நிற்கும். இன்னும் கொஞ்சம் கேட்டால்தான் முழுசும் வெளியே வரும். அவர் வராததை மேனேஜர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வருவாரா, மாட்டாரா என்று கடைசிவரை தெரியாமல் இருந்ததுதான் உறுத்தியிருக்கிறது.

நான் கையாண்ட ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். ஆள் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மென்பொருள் டீம் ஒன்றில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத இளைஞர். மனைவி செவிலியர், சனி, ஞாயிறுகளில் அவருக்குப் பெரும்பாலும் டியூட்டி இருக்கும். அந்த இரண்டு நாளும் சின்னக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது இவர் பொறுப்பு. மூன்று வாரம் கழித்து ஒரு சனி, ஞாயிறு எல்லோரும் வெளியூர் போகலாம், ஓர் இரவு தங்கல் என்று மேனேஜர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். உடனே கட்டைவிரல்கள் வரிசையாக விழுந்தன. அத்தனை பேர் நடுவில் முடியாது என்று எழுத இவருக்குக் கூச்சம். "பார்க்கிறேன் சார்" என்று போட்டுவிட்டார்.

பாதி மறுத்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். மேனேஜரோ அவரை வருகிறவர் கணக்கில் சேர்த்துவிட்டார். அறைகள் இருவருக்கு ஒன்று என்று பிரிக்கப்பட்டன, தலைக்கணக்கை வைத்து வண்டி பேசப்பட்டது, அட்வான்ஸும் போனது. கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது இவரிடமிருந்து "காய்ச்சல் சார்" என்று செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் குழந்தையோடு இவர் இருக்கும் படம் உறவினர் ஒருவரின் ஸ்டேட்டஸில் வந்தது. டீமில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். திங்கட்கிழமை யாரும் இவரிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த வருட அப்ரைசலில் மேலே சொன்ன வரி இருந்தது.

உண்மையான காரணத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த மேனேஜர் ஒரு நிமிடத்தில் சரி என்றிருப்பார். அவரே என்னிடம் அப்படித்தான் சொன்னார்.

அடுத்த அவுட்டிங் பேச்சு வந்தபோது அந்த இளைஞரும் நானும் உட்கார்ந்து ஒரு பதிலைத் தயார் செய்தோம். அழைப்பு வந்த அன்றே, குழுவில் இல்லாமல், மேனேஜருக்குத் தனியாக அனுப்புவது என்று முடிவு செய்தோம். குழுவில் மறுத்தால் அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் பின்வாங்கலாம். ஏற்பாடு செய்கிறவருக்கு அது சங்கடம். அவர் அனுப்பியது இதுதான்:

"சார், கூப்பிட்டதற்கு நன்றி. அந்த சனி, ஞாயிறு என்னால் வர முடியாது. வார இறுதியில் மனைவிக்கு டியூட்டி, குழந்தையை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அறை, வண்டி கணக்கில் என்னைச் சேர்க்க வேண்டாம். குழுவில் நீங்கள் பட்டியல் போடும்போது நானும் வரவில்லை என்று எழுதிவிடுகிறேன்."

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது நான்காவது வரி. முடியாது என்று நிறைய பேர் சொல்லிவிடுவார்கள். கணக்கிலிருந்து என்னை எடுத்துவிடுங்கள் என்று சொல்கிறவர்கள் குறைவு. ஏற்பாட்டில் மேனேஜருக்கு என்ன சிரமம் என்று யோசித்தவர்தான் அப்படி எழுதுவார். அக்கறை இருக்கிறது என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.

காரணம் ஒன்று போதும், அதுவும் ஒரே வாக்கியத்தில். மூன்று காரணம் அடுக்கினால் எதுவுமே உண்மையில்லை போலத் தோன்றும். சொந்த விஷயத்தைச் சொல்ல விருப்பமில்லை என்றால் "வீட்டில் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலை இருக்கிறது" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பொய் மட்டும் வேண்டாம். உடம்பு சரியில்லை என்று சொன்னால் திங்கட்கிழமை நலம் விசாரிப்பார்கள், அதற்கும் ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கும்.

அப்புறம், மேனேஜர் விடாமல் கேட்டால் என்ன செய்வது? அந்த இளைஞரிடமும் கேட்டார். "குழந்தையையும் கூட்டிட்டு வாங்களேன், எல்லாரும் பார்த்துப்போம்." நல்ல மனதோடு சொன்னதுதான். இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். குழந்தைக்குப் பயணம் ஒத்துக்கொள்ளாது, சளி பிடிக்கும் என்று புதிது புதிதாகக் காரணம் சொல்ல ஆரம்பித்தால், மேனேஜர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி சொல்வார். பத்து நிமிடத்தில் மறுக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. இவர் புதுக் காரணம் எதுவும் சேர்க்கவில்லை. "நீங்கள் சொன்னதே சந்தோஷம் சார், ஆனால் இந்த முறை முடியாது. நீங்கள் எல்லோரும் போய்விட்டு வாருங்கள்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறுத்ததை ஈடுகட்டுவதற்காக "அந்த சனிக்கிழமை நான் வேலை பார்க்கிறேன்" என்று சிலர் சொல்வதுண்டு. நான் அதைத் தடுப்பேன். வெளியே போக நேரமில்லை, வேலைக்கு நேரமிருக்கிறது என்று அது ஒலிக்கும்; டீமோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற சந்தேகம்தான் வலுக்கும். இந்த இளைஞர் வார நாள் ஒன்றில் எல்லோரும் சேர்ந்து மதியச் சாப்பாட்டுக்குப் போகலாம் என்று கேட்டு, தானே நாள் பார்த்து ஏற்பாடும் செய்தார். அவரால் கட்டாயம் வர முடிகிற நேரம் அது.

ஒரு தடவை மறுப்பதற்கு இவ்வளவு போதும். ஒவ்வொரு வார இறுதியிலும் முடியாது என்ற நிலை இருந்தால் அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். மேனேஜரோடு தனியாகப் பேசும் வழக்கமான சந்திப்பில், "இன்னும் கொஞ்ச காலத்துக்கு எனக்கு வார இறுதிகள் இப்படித்தான் இருக்கும். வார நாளில் எது வைத்தாலும் வந்துவிடுவேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அடுத்தடுத்து மூன்று அழைப்பை மறுத்த பிறகு இதே விஷயத்தைச் சொன்னால் சாக்கு போலக் கேட்கும்.

ஒன்றை மட்டும் மறுப்பதற்கு முன்னால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில டீம்களில் அவுட்டிங்கின் நடுவில் அடுத்த காலாண்டுக்கான திட்டமிடல் கூட்டத்தையும் வைத்துவிடுவார்கள். அப்படி என்றால் அது அலுவலக வேலை. வர முடியாது என்று சொல்லும்போதே, அந்தக் கூட்டத்தில் மட்டும் வீடியோவில் சேரலாமா, என் பங்குக் குறிப்புகளை முந்தின நாளே அனுப்பட்டுமா என்று கேட்டுவிட வேண்டும். விடுமுறை நாளில் அலுவலக வேலை என்றால் அதற்கு மாற்று விடுப்பு உண்டா என்றும் மனிதவளத் துறையில் தாராளமாகக் கேட்கலாம்.

இத்தனை ஒழுங்காகச் சொல்லியும் அப்ரைசலில் "டீமோடு ஒட்டுவதில்லை" என்று எழுதுகிற மேனேஜர்களும் இருக்கிறார்கள். அப்போது அவுட்டிங்கை நீங்களாக இழுத்துப் பேச வேண்டாம். "வேலையில் எந்த இடத்தில் அப்படித் தோன்றியது, ஓர் உதாரணம் சொல்லுங்கள் சார்" என்று கேளுங்கள். வேலையிலிருந்து உதாரணம் வந்தால் அது கவனிக்க வேண்டிய குறைதான். அவுட்டிங் மட்டுமே உதாரணமாக வந்தால், அழைப்பு வந்த அன்றே நீங்கள் அனுப்பிய செய்தியோடு எங்கள் துறைக்கு வாருங்கள். விடுமுறை நாளில் வராததை வைத்து மட்டும் எழுதப்பட்ட குறிப்பை மாற்றி எழுதச் சொல்லி நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.