தான் ஆடாவிட்டாலும்: ‘ஹண்டிங்டன் கொரியா’ என்ற சொல்

சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவக் கட்டுரையைத் தமிழாக்கியபோது, கை கால் அடக்க முடியாமல் அசையும் ஒரு பரம்பரை நோயின் பெயரை ‘ஹண்டிங்டன் கொரியா’ என்று எழுதி அனுப்பினேன். மெய்ப்புப் பார்த்தவர் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினார்: “வடக்கா, தெற்கா?”

சிரித்துவிட்டேன், ஆனால் அவர்மேல் தப்பில்லை. தமிழ் எழுத்தில் இந்த நோயும் அந்த நாடும் ஒன்றாகத்தான் நிற்கின்றன. கோரியா, கொறியா என்று மாற்றி எழுதிப் பார்த்தாலும் சொல்லிலிருந்து பொருள் எதுவும் வெளியே வருவதில்லை. சரி, பொருள் என்ன என்று தேடிப் போனால் கதை கொஞ்சம் நீளம்.

கிரேக்கத்தில் ‘கொரெயா’ என்றால் கூட்டமாக ஆடும் நடனம். ‘கோரஸ்’, ‘கொரியோகிராபி’ எல்லாம் இதே வேரிலிருந்து வந்தவை. இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராக மக்கள் நிறுத்த முடியாமல் ஆடிய சம்பவங்கள் உண்டு. 1518-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் நடந்தது அவற்றில் பேர்போனது. ஆடியவர்களைப் புனித வீட்டஸ் கோயிலுக்கு அழைத்துப் போனார்கள், அதனால் ‘புனித வீட்டஸ் நடனம்’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. நடனத்தைக் குறித்த சொல்லை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் 16-ஆம் நூற்றாண்டு மருத்துவர் பாராசெல்சஸ். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் அதே பெயரை முற்றிலும் வேறொரு நோய்க்கு வைத்தார். தொண்டைப் புண்ணும் ருமாட்டிக் காய்ச்சலும் வந்துபோன பிள்ளைகளுக்குக் கை கால் துள்ளும் நோய் அது. பெரும்பாலும் சில மாதங்களில் அடங்கிவிடும். நம் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றுக்குத் திடீரென்று கொரியா வந்தால் மருத்துவர் முதலில் நினைப்பது இதைத்தான், பரம்பரை நோயை அல்ல.

பரம்பரைக் கொரியாவுக்குத் தன் பெயரைக் கொடுத்த ஜார்ஜ் ஹண்டிங்டன், 1872-ல் அதைப் பற்றிய அவர் கட்டுரை வெளிவந்தபோது 22 வயதுக்காரர். படிப்பை முடித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஆனால் அவர் கையில் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று இருந்தது. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் அவருடைய தாத்தாவும் அப்பாவும் ஒரே ஊரில் வைத்தியம் பார்த்தவர்கள். மூன்று தலைமுறை மருத்துவர்கள் அதே குடும்பங்களின் மூன்று தலைமுறைகளைப் பார்த்திருந்தார்கள். சிறுவனாக அப்பாவின் வண்டியில் போகும்போது வழியில் ஒரு தாயும் மகளும் எதிரே வந்ததை வயதான பிறகும் அவர் நினைவுகூர்ந்தார். இருவரும் உயரம், எலும்பும் தோலுமான உடம்பு. வளைந்து, நெளிந்து, முகத்தைச் சுளித்தபடி நடந்து வந்தார்கள். அப்பா வண்டியை நிறுத்தி அவர்களிடம் பேசினாராம்.

அவர் எழுதிய கட்டுரையில் பெரும்பகுதி சாதாரணக் கொரியாவைப் பற்றியது. கடைசியில்தான் இந்தக் குடும்பங்கள் வருகின்றன. இந்த நோய் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது, மனநிலைப் பிறழ்வுக்கும் தற்கொலைக்கும் இட்டுச்செல்கிறது, வளர்ந்தபின்தான் முற்றுகிறது என்று மூன்று விஷயங்களைச் சொல்கிறார். கூடவே, ஒரு பிள்ளை நோய் வராமலே வாழ்ந்து முடித்துவிட்டால் அங்கே இழை அறுந்துவிடும், பேரப்பிள்ளைகளுக்கு வராது என்றும் எழுதினார். மெண்டலின் விதிகள் உலகத்தின் கண்ணில் படாத காலம் அது. ‘ஓங்கு பண்பு’ என்று இன்று பள்ளிப் பாடத்தில் படிப்பதை அவர் குடும்பங்களைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

இங்கே ‘பரம்பரை’ என்ற தமிழ்ச்சொல் கொஞ்சம் இடறுகிறது. “தாத்தாவுக்கு இருந்தது, அப்பாவுக்கு இல்லை, பேரனுக்கு வந்துவிட்டது” என்று நாம் பேசுகிற பரம்பரை இது இல்லை. இது பொதுவாகத் தலைமுறை தாண்டிக் குதிக்காது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அண்ணனுக்கு வந்துவிட்டதால் தம்பி தப்பினான் என்ற கணக்கும் கிடையாது, ஒவ்வொரு பிறப்பிலும் காசு புதிதாகச் சுண்டப்படுகிறது.

அந்தக் காசில் என்ன இருக்கிறது என்று தெரிய 1993 வரை ஆனது. வெனிசுவேலாவின் மரகைபோ ஏரிக்கரைக் கிராமங்களில் இந்த நோய் வழிவழியாக இருந்தது. அங்கே அதற்குப் பெயர் வெறும் ‘எல் மால்’, அதாவது ‘அந்தக் கேடு’. அமெரிக்க ஆய்வாளர் நான்சி வெக்ஸ்லரின் குழுவினர் அங்கே ஆண்டுக்கணக்கில் இரத்தம் சேகரித்து, யாருக்கு யார் பிள்ளை என்று கொடிவழி வரைந்தார்கள். வெக்ஸ்லரின் அம்மாவுக்கும் இதே நோய். அந்த ஆய்வு 1983-ல் நான்காவது குரோமோசோமைக் காட்டியது, பத்து வருடம் கழித்து மரபணுவே கிடைத்தது.

மரபணுவின் தொடக்கத்தில் சி, ஏ, ஜி என்ற மூன்று டி.என்.ஏ. எழுத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லோருக்கும் வருகின்றன, எத்தனை முறை என்பதுதான் கேள்வி. 26 வரை இருந்தால் ஒன்றுமில்லை. 27 முதல் 35 வரை அவருக்கு நோய் வராது, ஆனால் பிள்ளைக்குப் போகும்போது எண் கூடிவிடலாம். 36 முதல் 39 வரை சிலருக்கு வரும், சிலருக்கு வராது. 40-ஓ அதற்கு மேலோ இருந்தால், முழு ஆயுசு வாழ்ந்தால் வந்தே தீரும். ஆங்கிலத்தில் இதை ‘ரிபீட்’ என்கிறார்கள். ‘மீள்வரிசை’ என்று எழுதலாம். ‘பிறழ்வு’ என்று மட்டும் எழுதினால் ஏதோ எழுத்துப்பிழை போல ஆகிவிடுகிறது. இங்கே எழுத்து தப்பில்லை. கீறல் விழுந்த இசைத்தட்டு மாதிரி ஒரே அடி அளவுக்கு மீறி ஓடுகிறது.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். 43 வயதுத் தையல்காரர் ஒருவர், பரிசோதனை முடிவில் 17, 44 என்று இரண்டு எண்கள். ஒன்று அம்மா வழி, இன்னொன்று அப்பா வழி. 44-தான் நோய்க்குக் காரணம், கூட இருக்கும் 17 அவரைக் காப்பாற்றாது. மகளுக்கு 17 போயிருந்தால் இழை அறுந்தது. 44 போயிருந்தால் அது 44-ஆகவே இருக்கலாம், சற்றுக் கூடவும் செய்யலாம். அப்பாவிடமிருந்து போகும்போது கூடும் வாய்ப்பு அதிகம். எண் கூடினால் நோய் சீக்கிரம் வரும் என்பது பொது விதி. 60-க்கு மேல் போனால் பெரும்பாலும் இருபது வயதுக்குள்ளேயே தொடங்கிவிடும். ஆனால் 44 என்ற எண்ணை வைத்துக்கொண்டு “உனக்கு இந்த வயதில் வரும்” என்று ஒருவரிடம் சொல்ல முடியாது.

தையல்காரரிடம் வீட்டார் முதலில் கவனித்தது ஆட்டத்தை அல்ல. அளவு எடுத்த துணியை எந்த வரிசையில் வெட்டுவது என்பதில் தடுமாறினார். வாடிக்கையாளர்களிடம் எரிந்து விழுந்தார். இரண்டு வேலையை ஒன்றாகச் செய்ய முடியவில்லை. பழைய விஷயம் எதுவும் மறக்கவில்லை, எதை முன்னே செய்வது, எதை விடுவது என்பதுதான் கைவிட்டுப் போயிற்று. அப்புறம்தான் விரல்கள் பியானோ வாசிப்பதுபோல அசைய ஆரம்பித்தன. கை சடாரென்று மேலே எழும், அவர் அதைத் தலைமுடி கோதுவதாக மாற்றிவிடுவார். காலில் துள்ளினால் வேட்டியைச் சரிசெய்வார். பார்ப்பவர்களுக்கு ‘சும்மா இருக்க மாட்டேங்கிறார்’ என்றுதான் தோன்றும். அவருக்கே தன் அசைவுகள் பல தெரியவில்லை. இது பொய் சொல்வதோ மழுப்புவதோ இல்லை, தன்னைத் தானே கவனிக்கும் திறனும் நோயில் குறைகிறது.

மருத்துவர் நாக்கை நீட்டி வைத்திருக்கச் சொன்னார். பத்து நொடிகூட நிற்கவில்லை, நாக்கு உள்ளே ஓடி ஓடி வந்தது. தன் இரண்டு விரலைக் கொடுத்து இறுகப் பிடிக்கச் சொன்னார். பிடி இறுகி, தளர்ந்து, மறுபடி இறுகியது. இந்தப் பிடிக்கு மருத்துவத்தில் ‘பால் கறப்பவள் பிடி’ என்றே பெயர். மாடு கறந்தவர்கள் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

இனி தமிழ்ச்சொல். ‘நடுக்குவாதம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு, அந்தப் பெயர் பார்க்கின்சன் நோய்க்கு உரியது. நடுக்கத்துக்கு ஒரு சீர் உண்டு, ஒரே இடத்தில் ஒரே மாதிரி ஆடும். கொரியா சீரில்லாதது, இப்போது தோள், அடுத்து புருவம், அடுத்து கட்டைவிரல் என்று இடம் தாவும். ‘தாண்டவ ரோகம்’ என்ற சொல்லும் காதில் விழுகிறது. தாண்டவம் என்றதும் நமக்கு நினைவு வருபவர் நடராஜர், அவர் ஆட்டத்தில் தாளம் தப்பாது. தாளமே இல்லாத ஒன்றுக்கு அந்தப் பெயர் எனக்குப் பொருந்தவில்லை. ‘வலிப்பு’, ‘இழுப்பு’ என்றால் மக்கள் ‘ஃபிட்ஸ்’ என்று புரிந்துகொள்வார்கள். செய்தித்தாள்களில் வரும் ‘தன்னிச்சையான அசைவு’ இன்னும் மோசம். தன் இச்சைப்படி நடப்பதுதான் தன்னிச்சை, இங்கே நடப்பது நேர் எதிர்.

நோயாளியின் வீட்டார் சொல்வதைக் கேட்டால் சொல் அங்கேயே கிடைக்கிறது: “கை கால் தானா ஆடுது.” அதிலிருந்து ‘தானாட்டம்’ என்று எழுதத் தொடங்கினேன். ‘தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்’ என்ற பழமொழி இரத்தபாசத்துக்குச் சொன்னது, ஆனால் இரத்தவழி வரும் இந்த நோய்க்கு அதன் சொற்கள் அச்சமூட்டும் அளவுக்குப் பொருந்துகின்றன.

ஆனால் தானாட்டம் என்பது அறிகுறியின் பெயர், நோயின் பெயர் அல்ல. இருபது வயதுக்குள் வருகிறவர்களுக்குப் பல சமயம் ஆட்டமே இருக்காது, உடம்பு விறைத்துப்போகும். பெரியவர்களுக்கும் முற்றிய நிலையில் ஆட்டம் அடங்கி விறைப்பு கூடும். ஆட்டத்தை டெட்ராபெனசின் போன்ற மருந்து ஓரளவு குறைக்கும், மனச்சோர்வைக் கூட்டவும் செய்யும். சிந்தனைச் சிதைவை அது தொடுவதில்லை. இதனால்தான் மருத்துவ உலகமே ‘ஹண்டிங்டன் கொரியா’வைக் கைவிட்டு ‘ஹண்டிங்டன் நோய்’க்கு மாறிவிட்டது. தமிழிலும் நோய்க்கு அந்த மருத்துவரின் பெயரையே வைத்துக்கொண்டு, அறிகுறியை மட்டும் தமிழாக்குவது நல்லது.

எனக்கு இன்னும் பிடிபடாமல் இருப்பது வேறொரு சொல். தையல்காரரின் மகளுக்கு 44 போயிருக்கிறது, வயது 20, ஒரு அறிகுறியும் இல்லை. அவளை ‘நோயாளி’ என்று எழுத முடியாது. ‘கடத்தி’ என்றால், தனக்கு நோய் வராமல் பிள்ளைக்கு மட்டும் கொடுப்பவர் என்று பாடப்புத்தகம் சொல்லிவைத்திருக்கிறது. இப்போதைக்கு ‘மீள்வரிசை நீண்டவர், அறிகுறி தொடங்காதவர்’ என்று முழு நீளத்துக்கு எழுதுகிறேன். மெய்ப்புப் பார்ப்பவர் ஒவ்வொரு முறையும் அதைச் சுருக்கச் சொல்கிறார்.